எட்டு எண்ணும் ஒரு மேற்கோளும்: ஒரு முல்லைப் பெரியாறு விடையைப் படித்தபோது

கம்பத்திலிருந்து ஒரு தம்பி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தான் எழுதிய பயிற்சி விடை ஒன்றைக் கொடுத்து, "இவ்வளவு டேட்டா போட்டும் ஏண்ணே மார்க் ஏற மாட்டேங்குது?" என்று கேட்டார். மாநிலங்களுக்கு இடையிலான தகராறுகளில் உச்ச நீதிமன்றத்தின் பங்கை முல்லைப் பெரியாறை வைத்து ஆராய வேண்டும், 250 சொல்லுக்குள். இதுதான் கேள்வி. அவர் தொடங்கியிருந்த விதம் இப்படி:

"1886 அக்டோபர் 29இல், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுக் குத்தகையாக ஒப்பந்தமாகி, 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையால், 12,45,899 மக்கள்தொகை கொண்ட தேனி உட்பட 5 மாவட்டங்கள் பயன்பெறுகின்றன."

ஒரே வாக்கியத்தில் எட்டு எண்கள். எல்லாமே சரியான எண்கள்தான். ஆனால் கேள்வி கேட்ட நீதிமன்றம் இதில் எங்கேயும் இல்லை.

அந்த மக்கள்தொகையை எடுத்துக்கொள்வோம். அது 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டம் முழுமைக்குமான எண். பெரியாற்றுத் தண்ணீரோ கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக இறங்கி வைகை அணைக்குப் போகிறது. பெரியகுளத்துக்குச் சோத்துப்பாறை இருக்கிறது, போடிக்குக் கொட்டகுடி ஆறு இருக்கிறது. ஆக, அந்த எண் அளப்பது ஒன்று, விடை அதை வைத்துச் சொல்ல வருவது வேறொன்று. இந்த ஊர்க்காரரான தம்பிக்கே இது தெரியும். எழுதும்போது மட்டும் மறந்துவிட்டது. எண் சரியாக இருந்தாலும் சான்று தப்பாகப் போவது இப்படித்தான்.

நான் பார்க்கும் சோதனை எளிது. எண்ணை விரலால் மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படிக்க வேண்டும். வாதம் அப்படியே நின்றால், அந்த எண் அங்கே தேவையில்லை. "5 ரூபாய்" போனால் ஒன்றும் ஆகவில்லை. 999 ஆண்டும் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. குத்தகை செல்லுமா என்று கேட்டிருந்தால் அதுதான் உயிர்.

சரி, மறைத்தால் வாதமே விழுந்துவிடும் எண்கள் இந்த வழக்கில் எவை? 142, 136 என்ற இரண்டு அடிக் கணக்குகள். 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்றது. மூன்று வாரத்துக்குள் கேரளம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, வரம்பை 136 அடி என்று எழுதிவைத்தது. தமிழ்நாடு அரசியலமைப்பின் 131ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட்டது. 2014 மே 7இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்றது. நீதிமன்றம் முடித்துவைத்த ஒன்றைச் சட்டமன்றம் சட்டம் போட்டு ரத்து செய்ய முடியுமா என்பதே அங்கே கேள்வி. அந்த மோதல் முழுவதும் இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

மேற்கோளிலும் இதே சிக்கல். கூட்டாட்சி பற்றி ஓர் அறிஞர் சொன்னதாக நாற்பது சொல் எழுதியிருந்தார். 250இல் ஆறில் ஒரு பங்கு அதற்கே போய்விட்டது. எங்கே எடுத்தது என்று கேட்டால், "நோட்ஸ்ல இருந்துச்சுண்ணே" என்றார். மூலம் தெரியாத வரியைப் பெயரோடு எழுதுவதைவிட, கருத்தைச் சொந்தச் சொல்லில் எழுதுவது மேல்.

இந்த விடைக்கு ஒரு மேற்கோள் போதும். "தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு" என்று கேரளத்துத் தலைவர்கள் பலமுறை சொன்ன முழக்கம் அது. நாலே சொல்லில் அவர்களது நிலை முழுவதும் வந்துவிடுகிறது. ஒரு கவனம் வேண்டும்: அது கேரளத்தின் நிலைப்பாடு என்ன என்பதற்குத்தான் சான்று. அணை பலவீனமானது என்பதற்குச் சான்று ஆகாது. மேற்கோளுக்கு அடுத்த வாக்கியத்தில் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதிய பத்தி இது:

"கேரளம் இதை 'தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு' என்று முன்வைத்தது. பாதுகாப்பைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம் 2006இல் 142 அடியை அனுமதித்தது. அதே ஆண்டு கேரளச் சட்டம் அதை 136 அடியாகக் குறைத்தது. 2014இல் நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியபோது, தண்ணீரைப் பங்கிடவில்லை. தீர்ப்பைச் சட்டமன்றம் மாற்றமுடியாது என்ற எல்லையைக் காத்தது."

நாலு எண், ஒரு மேற்கோள். கடைசி வரியில் எண்ணே இல்லை, ஆனால் மேலே உள்ள நாலும் அந்த வரியைத்தான் தாங்குகின்றன. தம்பி இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப பென்னிகுயிக்கையும் விட்டுரணுமாண்ணே?" என்றார். வருத்தமாகத்தான் கேட்டார். இந்தக் கேள்விக்கு, ஆமாம்.