7 வாரத்தில் 28 எழுத்து

திட்டம் இதுதான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். சனி, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், பள்ளிவாசல் மதரஸாவின் ஓர் அறையில். வாரத்துக்கு நான்கு எழுத்து என்று 7 வாரத்தில் அலிஃப் முதல் யா வரை 28 எழுத்தும் முடிந்துவிடும்; எட்டாவது வாரம் திருப்புதல். தொடக்கத்தில் எழுத்துப் பாட்டு, நடுவில் அட்டை விளையாட்டு, கடைசியில் தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதுவது. சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்க வருபவர் இவ்வளவு யோசித்திருப்பது பெரிது. ஆனால் திட்டத்தை எடைபோட வேண்டியது பிள்ளைகளின் கலகலப்பை வைத்தல்ல. முடிவில் ஒரு சொல்லைக் காட்டினால் அவர்கள் வாசிக்கிறார்களா என்பதை வைத்துத்தான்.

பாட்டில் குறை குறைவு. அரபு எழுத்துகளின் பெயர் அதனதன் ஒலியில்தான் தொடங்குகிறது. மீம் என்று பாடும் பிள்ளைக்கு அதன் ஒலியும் கூடவே வந்துவிடுகிறது. சிக்கல் கூட்டுக்குரலில் இருக்கிறது. ஜீமுக்கு அடுத்த ஹா தொண்டையின் நடுவிலிருந்து வருவது. நூனைத் தாண்டி வரும் ஹா தொண்டையின் அடியிலிருந்து வருவது. தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். பன்னிரண்டு பேர் மெட்டுக்கு ஓடும்போது யார் எதைச் சொன்னார் என்பது ஆசிரியருக்கும் தெரியாது. ஆளுக்கொரு வரி தனியாகப் பாடவிட்டால் தெரியும். நடுவில் ஓர் அட்டையைக் காட்டும்போது பிள்ளை வாய்க்குள் அலிஃபிலிருந்து முணுமுணுத்து அங்கே வந்து சேர்ந்தால், அதற்குத் தெரிந்தது வரிசை மட்டும்தான்.

அட்டை விளையாட்டில் கவிழ்த்து வைத்தவற்றில் ஒரே எழுத்துள்ள ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாத பிள்ளையும் இதில் ஜெயிக்கலாம். பெயரைச் சொன்னால்தான் ஜோடி கைக்கு வரும் என்று விதியை மாற்றினால் போதும். மணலில் கவனிக்க வேண்டியது விரலை. தமிழ் எழுதிப் பழகிய கை பாவை இடப்பக்கமிருந்து இழுக்கும். எழுதி முடித்த உருவத்தில் அது தெரியாது, எழுத்தைச் சேர்த்து எழுதும்போதுதான் கை திணறும்.

திட்டம் உண்மையில் சறுக்குவது வரிசையில். முதல் வாரமே அலிஃப், பா, தா, ஸா. பின்னவை மூன்றுக்கும் ஒரே கிண்ண உருவம். கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. ஓர் உருவத்தைக் கற்றால் மூன்று எழுத்து கிடைக்கும் என்பார்கள். நிதானமாகப் புள்ளி எண்ணும் பெரியவர்களுக்கு அது சரி. ஐந்து வயதில் மூன்றும் ஒரே நாளில் வந்தால் மூன்றும் குழம்பும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, 28 எழுத்தையும் தனி உருவில் மட்டுமே திட்டம் காட்டுவது. சொல்லின் தொடக்கத்தில் பாவின் கிண்ணம் போய்விடும். சிறு பல் போன்ற மேடும் கீழ்ப்புள்ளியும்தான் மிஞ்சும். ஏழாவது வாரம் வரும் நூனும் யாவும் தனியாக நிற்கும்போது பாவைப் போல இருப்பதில்லை, சொல்லுக்குள் நுழைந்ததும் அதே பல்லாகிவிடுகின்றன. ஐந்து எழுத்துக்கு ஒரே பல். தனி உருவை மட்டும் படித்த பிள்ளை குர்ஆனைத் திறந்தால் தான் கற்ற எழுத்தையே அடையாளம் காணாது.

மாற்றாக முதல் வாரத்துக்கு அலிஃப், பா, மீம் மூன்று போதும். உருவில் ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லை. இவற்றைக் கொண்டே கதவு என்று பொருள்படும் பாப் என்ற சொல்லைக் கட்டிவிடலாம்: பா, அலிஃப், பா. மூன்று பிள்ளைகளின் முதுகில் அட்டையைக் குத்தி, வலமிருந்து இடமாக வரிசையாக நிறுத்துங்கள். முதல் பா இடக்கையை நீட்டுகிறது. அலிஃப் வலக்கையால் அதைப் பிடிக்கிறது, தன் இடக்கையை மட்டும் மடக்கிக்கொள்கிறது. கடைசி பா தனித்து, முழுக் கிண்ணத்தோடு நிற்கிறது. இப்படி இடக்கை நீட்டாத எழுத்துகள் அரபியில் ஆறு. அட்டையை மார்பில் குத்தி வகுப்பைப் பார்க்க நிறுத்தினால் பிள்ளையின் கை மாறிப்போகும். இந்த விளையாட்டு பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். பா நன்றாகப் பதிந்த பிறகு, நான்காம் வாரம் போல, தாவைக் கொண்டுவரலாம்.

அலிஃப் முதல் யா வரை கேட்கும் பெற்றோருக்குப் பாட்டு இருக்கிறது. அங்கே 28ம் வரிசையாக வரட்டும். வாசிப்புக்கு எட்டு வாரத்தில் 14 எழுத்து, அதுவும் சொல்லுக்குள் எடுக்கும் உருவத்தோடு. இந்தத் திருத்தங்களோடு நடத்துவதானால் திட்டம் தேறும். இப்போது உள்ளபடி நடத்தினால் எட்டாவது வாரம் ஓர் அருமையான பாட்டு கேட்கலாம். பலகையில் பாப் என்று எழுதிக் காட்டினால் வாசிக்க ஆளிருக்காது.