வேலிக் கணக்கு எதைக் கேட்க மறக்கிறது?

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 40 மீட்டர் கம்பியால் செவ்வகத் தோட்டத்துக்கு வேலி போட வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு பரப்பை அடைக்கலாம்? ஒரு பக்கம் x என்றால் அடுத்த பக்கம் 20 − x. பரப்பு 20x − x². இதன் வகைக்கெழு 20 − 2x; அதைப் பூஜ்யமாக்கினால் x = 10. இரண்டாம் வகைக்கெழு −2, ஆகவே இது பெருமம். விடை 100 சதுர மீட்டர்.

இந்த முறையின் உண்மையான பலம் வகையிடுவதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. எது மாறுகிறது, எது கட்டுப்படுத்துகிறது என்று பிரித்து, இரண்டு மாறிகளை ஒன்றாக்கப் பழக்குகிறது. அட்டையின் மூலைகளை வெட்டிப் பெட்டி செய்யும் முப்படிக் கணக்குக்கும் அதே வழி செல்லும்.

ஆனால் விடை வந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. பெருமத்தைத் தவறவிட்டால் எவ்வளவு நட்டம் என்று யாரும் கேட்பதில்லை. சென்னையில் ஒரு கிரவுண்ட் என்பது 2400 சதுர அடி. வழக்கமான மனை 40-க்கு 60. சுற்றளவு 200 அடி. அதே 200 அடியில் சதுரம் போட்டால் 50-க்கு 50, அதாவது 2500 சதுர அடி. ஒவ்வொரு பக்கமும் 20 சதவீதம் விலகியும் இழப்பு 4 சதவீதமே. பக்கம் d அடி விலகினால் இழப்பு d². உச்சிக்கு அருகே வளைகோடு ஏறக்குறைய சமதளமாக இருப்பதே காரணம். தி.நகரில் மனை பிரிப்பவர் இந்த 100 சதுர அடிக்காகச் சதுரம் தேடமாட்டார். சாலையை ஒட்டிய முகப்பைக் குறைத்தால் அதே தெருவில் இன்னொரு மனை கிடைக்கும். அவர் பெருக்க நினைக்கும் அளவே வேறு.

இரண்டாவது குறை இன்னும் ஆபத்தானது. அதே புத்தகத்தில் ஆற்றோர மேய்ச்சல் நிலக் கணக்கும் உண்டு: பரப்பு 1,80,000 சதுர மீட்டர், ஆற்றுப் பக்கம் வேலி வேண்டாம், மிகக் குறைந்த வேலி எவ்வளவு? கரையோர நீளம் x என்றால் வேலி x + 3,60,000/x. வகைக்கெழு x = 600-இல் பூஜ்யம்; வேலி 1200 மீட்டர். இதையே அடையாற்றங்கரையில் வைத்துப் பார்ப்போம். கரையில் 400 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால்? 600 பயன்படாது. 400 வரை வேலியின் நீளம் குறைந்துகொண்டே வருவதால் சிறுமம் அந்த விளிம்பில்தான்: 400-க்கு 450, வேலி 1300 மீட்டர். அங்கே வகைக்கெழு −1.25, பூஜ்யமில்லை. ‘வகையிடு, பூஜ்யமாக்கு’ என்று மட்டும் பழகிய மாணவர், இல்லாத நிலத்தில் வேலி போட்டுவிடுவார்.

நிலத்தில் நிஜமாகவே எல்லைகள் உண்டு. விடை பல நேரம் அந்த எல்லையில்தான் அமரும். எனவே x எங்கிருந்து எங்குவரை என்று முதலில் எழுதி, நிலைப்புள்ளியோடு இரு முனைகளையும் சோதிக்கவேண்டும். அந்த வரி இல்லாத தீர்வுக்கு, விடை சரியாக இருந்தாலும், முழு மதிப்பெண் தரக்கூடாது.