கதவு நிலையும் கட்டம் போட்ட புடவையும்

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் இடுப்பையோ கையையோ சற்றே ஒடுக்கிக் காட்டும் வேலை பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பின் Liquify-இல்தான் நடக்கிறது. 2000-ஆம் ஆண்டு வந்த ஆறாம் பதிப்பில் சேர்ந்த இந்த வசதி, படத்தைப் பிசைந்த மாவைப் போல விரும்பிய பக்கம் தள்ள விடுகிறது. ஆனால் எது உடல், எது சுவர் என்று தள்ளும் பிரஷுக்குத் தெரியாது. அதன் வலிமையும் குறையும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கட்டம் போட்ட கூறைப்புடவையில் மணப்பெண், வீட்டு வாசலில் கதவு நிலையை ஒட்டி நிற்கிறார். படத்தின் அகலம் 4000 பிக்சல். புடவையின் ஒவ்வொரு கட்டமும் 60 பிக்சல். இடுப்பின் ஒரு பக்கம் 40 பிக்சல் உள்ளே போக வேண்டும். 12 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அது வெறும் 3 மில்லிமீட்டர்.

சிறிய பிரஷால் விளிம்பை மட்டும் தள்ளினால் ஓரத்து இரண்டு கட்டங்களே அந்த 40 பிக்சலையும் தாங்க வேண்டும். 60 பிக்சல் கட்டம் 40 ஆகிவிடும். வளைந்து திரும்பும் உடலின் ஓரத்தில் கட்டங்கள் இயல்பாகவே குறுகித் தெரியும். அதனால் இந்த நெருக்கல் உடலை ஒல்லியாக்குவதற்குப் பதிலாக உருண்டையாகக் காட்டக்கூடும். பெரிய பிரஷால், குறைந்த Pressure வைத்து, பத்துக் கட்டங்களுக்குப் பகிர்ந்துவிட்டால் ஒவ்வொன்றும் 56 ஆகும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பிடிபடாது.

துணிக்கு நல்லதான இந்தப் பெரிய பிரஷ்தான் பின்னணிக்குக் கேடு. உடலுக்கு வெளியேயும் அதே தூரம் பரவி, கதவு நிலையை வில்லாக வளைத்துவிடுகிறது. Freeze Mask பூசிப் பின்னணியை உறைய வைக்கலாமே என்று தோன்றும். உடலை விட்டு விலகி நிற்கும் தூணுக்கு அது போதும். உடலை ஒட்டிய நிலைக்குப் போதாது. உடல் விலகிய இடத்தை ஏதாவது ஒன்று நிரப்ப வேண்டும். பின்னணி உறைந்திருந்தால் புடவையின் ஓரமே இழுபட்டுத் தீற்றலாகிவிடும்.

ஆகவே உருவத்தைத் தனி லேயராகப் பிரிப்பதே சரியான வழி. அடியிலுள்ள லேயரில், உடல் விலகப் போகும் ஓரத்தை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். நிலையின் நேரான துண்டொன்றை மேலிருந்து நகலெடுத்து, அந்த உயரத்து வெளிச்சத்துக்கு ஏற்பப் பொருத்தலாம். பிறகு உருவ லேயரில் மட்டும் Liquify. இப்போது பிரஷ் எவ்வளவு பெரிதானாலும் நிலை அசையாது.

இந்த வழியிலும் இரண்டு இடங்கள் காட்டிக்கொடுக்கும். ஒன்று நிழல்: உடல் நகர்ந்த பிறகும் பழைய இடத்திலேயே விழுந்து கிடக்கும், அதையும் நகர்த்த வேண்டும். மற்றொன்று, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் முக்கோண இடைவெளி. இடுப்பு ஒடுங்கினால் அது விரிய வேண்டும்; விரிந்த பகுதியிலும் சுவரின் கோடுகள் தொடர வேண்டும். அவசர வேலை பெரும்பாலும் இங்கேதான் பிடிபடுகிறது. சோதிப்பது எளிது. நிலையின் ஓரமாக ஒரு வழிகாட்டிக் கோட்டை வைத்துப் பார்க்கலாம். புடவையின் ஒரு கோட்டை மார்பிலிருந்து கொசுவம் வரை கண்ணால் தொடர்ந்து போனால், அது எங்கே நெளிகிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடும் எதற்காக என்பதைப் பொறுத்தே இந்த வேலையை மதிப்பிட முடியும். 24 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் அகன்று தெரிவார். அது லென்ஸ் சேர்த்த அகலம். கஞ்சி போட்ட புடவை இடுப்பில் புடைத்து நிற்பது துணி சேர்த்த அகலம். இவற்றைக் குறைப்பது அந்த மனிதருக்கு நியாயம் செய்வதே.

உடலையே குறைப்பது வேறு. வளைந்த நிலையும் நெளிந்த கட்டமும் இதுவரை பார்ப்பவருக்குச் சாட்சியாக இருந்தன: இங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லின. நான் மேலே விவரித்த நேர்த்தி அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறது. மோசமான வேலை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நல்ல வேலை, பெண்ணின் உடல் அன்று அப்படித்தான் இருந்தது என்று நம்ப வைத்துவிடும். பிரான்சில் மாடலின் உருவத்தை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படங்களில், 2017 அக்டோபர் முதல், திருத்தப்பட்டவை என்று குறிப்பிட வேண்டும். நார்வேயிலும் உடலைத் திருத்திய விளம்பரங்களுக்கு 2022 ஜூலை முதல் அத்தகைய அடையாளம் கட்டாயம். வீட்டு ஆல்பம் விளம்பரமல்ல. அந்தச் சட்டங்கள் அதைத் தொடுவதில்லை.

அதனால் பொறுப்பு ஸ்டுடியோவுக்குத்தான். உருவ லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்திருந்தால் Liquify-ஐ எப்போதும் அணைத்துக் காட்டலாம். அச்சுக்கு அனுப்பும் முன் மணப்பெண்ணை உட்கார வைத்து, அணைத்தும் போட்டும் இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்க வேண்டும். கதவு நிலையை நேராக்கச் செலவிட்ட நேரத்தோடு ஒப்பிட்டால் அது சில நிமிட வேலை.