மொட்டை மாடியில் இல்லாத சொம்பு

பிளெண்டரில் செய்த ஒரு பொருளைப் புகைப்படத்துக்குள் வைக்கும்போது, அது ஒட்டவைத்தது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பொருள் தரையைத் தொடும் இடம்தான். உருவம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், நிழல் ஒரு பக்கம் சாய வேண்டியது இன்னொரு பக்கம் சாய்ந்தால் சொம்பு அந்தரத்தில் மிதக்கும். இங்கே எடுத்துக்கொள்ளும் படம், மொட்டை மாடியின் ஓடு பதித்த தரையைக் கைபேசியில் எடுத்த சாதாரணப் படம். வைக்கப்போவது 15 செ.மீ. உயரமுள்ள பித்தளைச் சொம்பு. சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கும் பொருள் என்பதால், ஒளியில் நேரும் எந்தப் பிழையையும் இது மறைக்காது.

முதல் வேலை, பிளெண்டரின் கேமராவைப் படமெடுத்த கேமராவோடு பொருத்துவது. இதற்கு எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருள் போதும். ஓடுகளின் விளிம்புகள் இரண்டு திசைகளில் ஓடுகின்றன. ஒவ்வொரு திசையிலும் இரண்டு கோடுகளை அவற்றின் மேல் இழுத்து வைத்தால், கோடுகள் சந்திக்கும் புள்ளிகளைக் கொண்டு குவியத்தூரத்தையும் கேமராவின் சாய்வையும் அது கணக்கிட்டுவிடும். ஓர் ஓட்டின் நீளம் 30 செ.மீ. என்று சொல்லிவிட்டால் அளவும் சரியாகிவிடும். படத்தை ஓரம் வெட்டியிருந்தால் கணக்கு தவறும். படத்தின் நடுப்புள்ளியே வில்லையின் நடுப்புள்ளி என்று மென்பொருள் நம்புகிறது. கையால் பொருத்துவோர் கைபேசி தரும் 26 மி.மீ. என்ற எண்ணை அப்படியே இடுவது வழக்கம். அந்த எண் மூலைவிட்டத்தை வைத்துச் சொல்லப்படுவது. 4:3 விகிதப் படத்துக்கு, பிளெண்டரின் 36 மி.மீ. அகல சென்சாரில், ஏறத்தாழ 27 என்று இட்டால்தான் ஓட்டுக்கோடுகள் ஒத்துப்போகும்.

அடுத்தது ஒளி. 1998இல் பால் டெபெவெக் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பளபளக்கும் பந்து ஒன்றைப் பல வெளிச்ச அளவுகளில் படமெடுத்து, அந்த இடத்தின் ஒளி முழுவதையும் அள்ளிக்கொள்ளும் வழியைக் காட்டியது. இன்று கிடைக்கும் எச்.டி.ஆர். சுற்றுச்சூழல் படங்கள் அதன் வாரிசுகள். பாலி ஹேவன் தளத்தில் இவை உரிமக் கட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. World பகுதியில் Environment Texture முனையில் படத்தை ஏற்றினால், வானமும் சுவரும் மரமும் சேர்ந்தே சொம்பின் மீது வெளிச்சம் போடும். மங்கலான பொருளுக்கு 1K படமே போதும். பித்தளைக்கு 4K வேண்டும், இல்லையென்றால் வயிற்றுப்பகுதியில் தெரியும் பிம்பம் குழம்பிய வண்ணத்திட்டுகளாகிவிடும்.

எந்தச் சுற்றுச்சூழல் படத்தை எடுப்பது என்பதைப் புகைப்படத்தின் நிழலே சொல்லும். மாடியில் 2 மீட்டர் உயரக் கொடிக்கம்பம் ஒன்று நிற்கிறது. அதன் நிழல் 1.4 மீட்டர். அப்படியானால் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் இருக்கிறது. Mapping முனையில் Z சுழற்சியை மாற்றினால் சூரியனை எந்தத் திசைக்கும் திருப்பலாம், உயரத்தை மட்டும் மாற்ற முடியாது. X சுழற்சியைத் தொட்டால் அடிவானமே சாய்ந்துவிடும். ஆகவே சூரியன் கிட்டத்தட்ட அதே உயரத்தில் உள்ள படத்தைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், மேகமூட்டமான வானப் படம் ஒன்றை வைத்து, அதோடு தனியாக Sun விளக்கைச் சேர்ப்பது நல்லது. அதன் Angle முன்னிருப்பாக 0.526 பாகை, உண்மைச் சூரியனின் தோற்ற அகலம் அவ்வளவே என்பதால் மாற்றத் தேவையில்லை. சரிபார்க்கவும் எளிய வழி உண்டு: 15 செ.மீ. சொம்பின் நிழல் 10.5 செ.மீ., அதாவது ஓட்டின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக, கம்பத்தின் நிழல் விழும் திசையிலேயே விழ வேண்டும்.

சூரியன் தெரியும் படங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. படமெடுத்தவர் வெளிச்சத்தைப் போதுமான அளவு குறைத்து எடுக்காவிட்டால், சூரியனின் பிரகாசம் உச்சியில் வெட்டுப்பட்டுப் பதிவாகும். பார்வைக்கு அதே வெள்ளைப் புள்ளிதான். ஆனால் வெட்டுப்படாத சூரியனின் மதிப்பு ஆயிரக்கணக்கில் இருக்க, இதில் சில பத்துகளே இருக்கும். உச்சி வெயில் படத்தில் சொம்பின் நிழல் சாயம் போனதுபோல வெளிறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். Strength எண்ணைக் கூட்டுவது மருந்தாகாது. வானமும் சேர்ந்து பிரகாசமாகும், நிழலின் விகிதம் மாறாது.

நிழலைப் பிடிக்கும் தரைதான் இந்த முறையின் இதயம். ஓடுகளின் மட்டத்தில் ஒரு Plane வைத்து, Object Properties, Visibility பகுதியில் Shadow Catcher பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், தரை மறைந்து நிழல் மட்டும் மிஞ்சும். இது சைக்கிள்ஸ் இயந்திரத்தில்தான். Render Properties, Film பகுதியில் Transparent பெட்டியையும் குறிக்க வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று: தரை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சொம்புக்குத் தெரிகிறது. தரையின் நிறம் சொம்பின் அடிவயிற்றில் பிரதிபலிக்கிறது, அதிலிருந்து தெறிக்கும் ஒளியும் சொம்பை அடைகிறது. முன்னிருப்பு வெளிர் சாம்பல் நிறத்தை விட்டுவைத்தால், செம்மண் நிற ஓட்டின் மீது நிற்கும் பித்தளையின் கீழ்ப்பகுதி சிமெண்டுத் தரையில் நிற்பதுபோல் வெளுக்கும். புகைப்படத்தின் ஓட்டு நிறத்தையே அந்தத் தளத்துக்குக் கொடுத்தால் பாதி ஒட்டுதல் அங்கேயே வந்துவிடுகிறது. புகைப்படத்தையே கேமராவிலிருந்து தளத்தின் மேல் வீழ்த்தினால், சொம்பில் ஓட்டுக் கோடுகளும் வளைந்து தெரியும். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். பளபளக்கும் பொருளுக்கு அது வீணில்லை.

கடைசியில் கம்பாசிட்டரில் புகைப்படத்தைப் பின்னணியாகவும் ரெண்டரை முன்னணியாகவும் Alpha Over முனையில் சேர்க்கும்போது, மாடி முழுவதும் சோகை பிடித்ததுபோல் மாறும். 4.0 பதிப்பிலிருந்து View Transform முன்னிருப்பாக AgX ஆக இருப்பதே காரணம். கைபேசி ஏற்கெனவே பதப்படுத்திய படத்தை அது மறுபடி பதப்படுத்துகிறது. Standard என்று மாற்றினால் புகைப்படம் தன் நிறத்துக்குத் திரும்பும். அதற்கு விலை, சொம்பின் விளிம்பில் வெயில் படும் இடம் சட்டென்று தட்டையான வெள்ளையாகிவிடுவது. பித்தளையின் Roughness மதிப்பைச் சற்று ஏற்றினால் அது தணியும். இந்த முன்னிருப்பு, புகைப்பட இணைப்புக்கு வருபவரை ஒரு முறையாவது அலைக்கழிக்கிறது என்பதைப் பிளெண்டரின் குறையாகவே சொல்ல வேண்டும்.

ரெண்டரை பி.என்.ஜி. ஆக்கி வேறு மென்பொருளில் ஒட்டினால் நிழல் திடீரெனக் கரியாகும். நிழலின் அடர்த்தி 0.6 என்றால் தரையின் வெளிச்சத்தில் 40 விழுக்காடு மிஞ்ச வேண்டும். காமா ஏறிய எண்களின் மீது அதே பெருக்கலைச் செய்யும் மென்பொருளில் மிஞ்சுவது சுமார் 13 விழுக்காடுதான். பிளெண்டருக்குள்ளேயே சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த முறைக்கு எல்லை ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் படம் எல்லையற்ற தூரத்தில் இருப்பதாகவே கணக்கு. சொம்பைக் கைப்பிடிச் சுவரின் நிழலுக்குள் நகர்த்தினாலும் அந்தப் படத்துக்கு அது தெரியாது, சொம்பு வெயிலிலேயே மின்னிக்கொண்டிருக்கும். சுவர் இருக்கும் இடத்தில் ஒரு பெட்டியை நிறுத்தி அதையும் Shadow Catcher ஆக்கினால், அதன் நிழல் சொம்பின் மீது விழும். தரையில் ஏற்கெனவே படத்தில் உள்ள சுவர்நிழல் மேலும் கருக்காது.