கண்ணீர் அஞ்சலியில் கீழே யார் பெயர்?

1882 ஆகஸ்ட் 29, லண்டன் ஓவல் மைதானம். ஆஸ்திரேலியாவை ஜெயிக்க 85 ரன் போதும், இங்கிலாந்து 77க்கு ஆல் அவுட். நாலு நாள் கழித்து 'ஸ்போர்ட்டிங் டைம்ஸ்' பத்திரிகையில் ரெஜினால்ட் ப்ரூக்ஸ் ஒரு போலி இரங்கல் அறிவிப்பு போட்டார். இங்கிலாந்து கிரிக்கெட் இறந்துவிட்டது, உடலை எரித்துச் சாம்பலை ஆஸ்திரேலியா கொண்டுபோவார்கள் என்று. 'ஆஷஸ்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

எல்லோரும் அந்தச் சாம்பலைத்தான் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதில் ஒரு ஆட்டக்காரர் பெயர்கூட இல்லை என்பது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தார்: கடைசி ஆளாக வந்த பீட். ஜெயிக்கப் பத்து ரன் இருக்கையில் இறங்கி, ரெண்டு ரன் எடுத்து, வீசி அடிக்கப்போய் போல்டானார். எதிர்முனையில் நின்ற ஸ்டட் அந்த இன்னிங்ஸில் ஒரு பந்துகூடச் சந்திக்கவில்லை. இன்றைய மீம் ஆசாமி பீட்டை விட்டிருப்பாரா? ப்ரூக்ஸ் விட்டார். செத்தது கிரிக்கெட், அழுவது அதன் நண்பர்கள். எழுதுகிறவரும் அந்த அழுகிற கூட்டத்தில்தான் நிற்கிறார்.

ஓசூரில் இருப்பவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை, சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். மேலே போட்டோ, கீழே 'சோகத்தில் வாடும் நண்பர்கள்' என்று நீளமான பட்டியல். 2017 ஏப்ரலில் ஈடன் கார்டனில் ஆர்சிபி 132ஐத் துரத்தி 49க்குச் சுருண்டபோது, ஒருத்தர்கூட இரட்டை இலக்கம் தொடவில்லை. அதை வைத்துச் செய்யப்படும் கேலியில் மேலே இருப்பது ஏதாவது ஒரு வீரரின் போட்டோ, கீழே பட்டியல் காலி. சிரிக்கிறவன் தன் பெயரைப் போடுவதில்லை. "132 தானேனு தோசை சுடப் போனோம், ரெண்டாவது தோசைக்குள்ள கல்லோட சேர்ந்து மேட்சும் ஆறிடுச்சு" என்று எழுதினால் சிரிப்பு நம் நம்பிக்கைமேல் விழுகிறது. வீரருக்கு அடி இல்லை.

தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. 'நாங்கள்' என்றால் வாசகர் வெளியே, 'நாம்' என்றால் உள்ளே. 'ஈ சலா கப் நம்தே' என்ற கன்னட கோஷத்தை எல்லையின் இந்தப்பக்கம் கிண்டலடிப்பவர்கள் அதை 'உங்க கப்' என்றுதான் படித்தார்கள். 2025ல் சிஎஸ்கே முதல்முறையாகப் புள்ளிப்பட்டியலின் கடைசிக்குப் போனது. அப்போது எழுத வேண்டிய வரி இது: "நம்மளைத் தேடுறது இப்ப ஈஸி, கீழேர்ந்து ஆரம்பிச்சா போதும்." கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு சிவப்பு ஜெர்சிக்காரரும் சிரிக்கலாம், மஞ்சள்காரரும் முறைக்க மாட்டார்.

ஆனால் இந்த வடிவத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதே வருடம் ஜூன் 3ல் ஆர்சிபி முதல் கோப்பை வாங்கியது. மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பெங்களூர் அணி எத்தனை மேட்ச் தோற்றாலும், அதன்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி ஜோக்கை என்னால் எழுத முடியாது. தோசை ஜோக்கை எழுதுவேன்.