குறிப்பேட்டிலேயே தொடங்கும் கட்டுரை

மானிடவியல், சமூகவியல் படிப்புகளில் ஒரு பருவத்துக்குள் முடிக்கும்படி களப்பணி ஒன்றைக் கொடுப்பது வழக்கம். மாணவர் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு சில வாரங்கள் போய்வர வேண்டும். அங்குள்ளவர்களோடு பழகி, அவர்கள் செய்வதில் இயன்றவரை தானும் கலந்துகொண்டு, கண்டதை எழுதிவைத்துக் கடைசியில் இனவரைவியல் கட்டுரையாகத் தர வேண்டும். அப்படி வரும் கட்டுரைகள் பலவற்றில் களம் இருப்பதில்லை. இடத்தின் வரலாறு இருக்கும், கோட்பாட்டாளர்களின் பெயர்கள் இருக்கும், இடையிடையே 'மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்' என்பது போன்ற வாக்கியங்கள் இருக்கும். யார், யாரிடம், எப்போது, என்ன செய்தார் என்பது மட்டும் இருக்காது. இதை எழுத்துத்திறன் குறைவு என்று எடுத்துக்கொண்டு, கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்கிறோம். எவ்வளவு திருத்தினாலும் அது தேறுவதில்லை. குறை கட்டுரையில் இல்லை, களத்துக்குப் போய்வந்த அன்றிரவு எழுதிய குறிப்பில் இருக்கிறது என்பதே என் வாதம். களக்குறிப்பைக் கட்டுரைக்கு முந்திய சேகரிப்பு வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் கட்டுரையின் முதல் வரைவு; அங்கே எழுதாமல் விட்டதைப் பிறகு எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

ஒரு மாணவர் ரேஷன் கடையைக் களமாகக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் குறிப்பில் இப்படி எழுதுகிறார்: 'வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து காணப்பட்டனர். ஆனாலும் முதியவர்களுக்கு மரியாதை கொடுத்தனர்.' இரண்டு வாக்கியமும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டுமே முடிவுகள், எதிலிருந்து வந்தன என்று அவருக்கே இரண்டு வாரம் கழித்துத் தெரியாது. அதே காலைப்பொழுதை வேறு விதமாகவும் எழுதலாம்: 'மணி 10.40. வரிசையில் ஆட்கள் ஒன்பது பேர், பைகள் ஐந்து. பைக்காரர்கள் எதிரே வேப்பமர நிழலில். ஒரு பாட்டி இயந்திரத்தில் விரல் வைக்கிறார், ரேகை விழவில்லை. விற்பனையாளர், "கையத் தொடச்சிட்டு வைங்க பாட்டி" என்கிறார். மூன்று முறையும் விழவில்லை. பாட்டி நகர்ந்து நிற்க, அடுத்தவருக்குப் பில் போடுகிறார்கள். பாட்டியின் மஞ்சள் பை தரையில் அதே இடத்தில் இருக்கிறது. அடுத்து வந்த பெண் அந்தப் பையைக் காலால் தள்ளாமல், குனிந்து கையால் எடுத்து முன்னே வைக்கிறார். பின்னால் இருந்த நீலப் பை யாருடையது என்று ஒருவர் கேட்கிறார். பதில் இல்லை. அதை ஓரமாக வைத்துவிடுகிறார்.' இதில் 'மரியாதை' என்ற சொல்லே இல்லை. ஆனால் மரியாதையைப் பற்றியும் அதைவிடச் சுவையான ஒன்றைப் பற்றியும் யோசிக்க இடமிருக்கிறது: அந்த வரிசையில் ஒருவருடைய இடத்தை அவருடைய உடம்பு காப்பாற்றவில்லை, பை காப்பாற்றுகிறது, பையை அதன் உடையவரோடு சேர்த்து அறிந்த அக்கம்பக்கத்தார் காப்பாற்றுகிறார்கள். அறிமுகமில்லாதவரின் பைக்கு அந்தக் காவல் இல்லை. நல்ல குறிப்பை அடையாளம் காண ஒரு சோதனை உண்டு. அதைப் படிக்கும் வேறொருவர், எழுதியவரோடு உடன்படாமல், அதே வரிகளிலிருந்து மாற்று விளக்கம் ஒன்றைச் சொல்ல முடிய வேண்டும். முதல் வடிவத்தோடு யாரும் வாதாட முடியாது, இரண்டாவதோடு முடியும்.

இப்படி எழுதுவதற்கு வழிமுறை இருக்கிறது. களத்தில் நிற்கும்போது முழு வாக்கியங்கள் எழுத முடியாது, எழுதவும் கூடாது. எல்லோர் கண்ணும் நோட்டுப்புத்தகத்தின் மேல் போய்விடும். நேரம், ஆட்களின் எண்ணிக்கை, காதில் விழுந்த சொல் அப்படியே, நின்ற இடங்களின் சின்ன வரைபடம், இவ்வளவு போதும். 'மஞ்சள் பை, கையால்' என்ற மூன்று சொல் அன்றிரவு ஒரு பத்தியை மீட்டுத் தரும். ஆனால் அன்றிரவே உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் கண்டதை விரித்தெழுத இரண்டு மணியோ அதற்கு மேலோ பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் களத்தில் இருக்கும் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். எழுதி முடிக்குமுன் நண்பரிடம் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. வாயால் சொல்லும்போது நிகழ்ச்சிக்குக் கதையின் உருவம் வந்துவிடுகிறது, கதைக்கு உதவாத விவரம் உதிர்ந்துவிடுகிறது. உதிர்வது பெரும்பாலும் நீலப் பை போன்ற விவரங்கள்தான். கேட்டபடியே நினைவிருக்கும் பேச்சுக்கு மட்டும் மேற்கோள் குறி. கருத்து மட்டும் நினைவிருந்தால் அயற்கூற்றில் எழுத வேண்டும். சொந்த ஊகத்தையும் எரிச்சலையும் எழுதலாம், எழுதவும் வேண்டும், ஆனால் அடைப்புக்குள்ளோ தனிப் பத்தியிலோ. விற்பனையாளர் மேல் அன்று மாணவருக்குக் கோபம் வந்திருந்தால், அந்தக் கோபம் குறிப்பின் மற்ற வரிகளுக்குள் எங்கெல்லாம் கசிந்திருக்கிறது என்று பிறகு பார்க்க அது உதவும்.

எதை எழுதுவது என்பதில் தேர்ந்தவர்களும் தவறியிருக்கிறார்கள். வில்லியம் ஃபூட் வைட் 1930களின் பிற்பாதியில் பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில், இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகளான இளைஞர் கூட்டங்களோடு பழகி, 1943இல் 'ஸ்ட்ரீட் கார்னர் சொசைட்டி' நூலை வெளியிட்டார். அதில் நார்ட்டன்ஸ் என்று அவர் பெயர் மாற்றி அழைக்கும் தெருமுனைக் கூட்டம் சனிக்கிழமை இரவுகளில் பௌலிங் விளையாடும். வைட்டும் சேர்ந்து விளையாடினார், அதை ஓய்வாகவே நினைத்தார். பருவத்தின் முடிவில் நடந்த போட்டியில்தான் ஒன்று அவருக்கு உறைத்தது: கூட்டத்துக்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசையும் பௌலிங்கில் யார் மேல், யார் கீழ் என்ற வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கூட்டத்தில் கீழ்நிலையில் இருந்த அலெக், மற்ற நாட்களில் பெரிய எண்ணிக்கை எடுத்தவர், அந்தப் போட்டியில் கடைசிக்குப் போனார். தலைவர்கள் ஆடும்போது மற்றவர்கள் உற்சாகப்படுத்துவார்கள். கீழ்நிலைக்காரர் முந்தினால் கேலி செய்து தடுமாற வைப்பார்கள். சமூக அமைப்பு அந்த ஆடுதளத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சனிக்கிழமைதோறும் எடுத்த எண்ணிக்கைகளை அவர் குறித்துவைக்கவில்லை. பின்னாளில் நூலுக்கு எழுதிய பின்னிணைப்பில் இதற்காகத் தன்னையே நொந்துகொள்கிறார். முழுப் பருவத்துக்கும் எண்கள் இருந்திருந்தால், ஒரு கூர்மையான கவனிப்பு உறுதியான ஆதாரமாகியிருக்கும். வேலை என்று எதை நினைக்கிறோமோ அதைக் குறிக்கிறோம். ஓய்வு, காத்திருப்பு, அரட்டை என்று நினைப்பதை விட்டுவிடுகிறோம். பங்கேற்பு உற்றுநோக்கலில் அப்படி விடுவதற்கு இடமே இல்லை.

அதே பின்னிணைப்பு இன்னொன்றையும் சொல்கிறது. குறிப்புகள் குவியத் தொடங்கியபோது அவற்றை எப்படி அடுக்குவது என்ற கேள்வி வைட்டுக்கு வந்தது. அரசியல், தேவாலயம், குடும்பம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கலாம், கூட்டங்கள்வாரியாகவும் பிரிக்கலாம். அவர் கூட்டங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி, சம்பந்தப்பட்ட ஆட்கள், சுருக்கம் என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றையும் வைத்துக்கொண்டார். பொருள்வாரியாக அடுக்கியிருந்தால் பௌலிங் 'பொழுதுபோக்கு' என்ற கோப்புக்குள் போய், தலைமை பற்றிய கோப்பைச் சந்திக்காமலே கிடந்திருக்கும். மாணவரின் கட்டுரையிலும் இதுவே நடக்கிறது. குறிப்புகளை முதலிலிருந்து வரிவரியாகப் படித்து, ஓரத்தில் 'இடம் காப்பது', 'பை நகர்த்துவது', 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொண்டே வந்தால், மூன்றாம் வாரத்துக் குறிப்பிலும் அதே செயல் வேறு உருவில் வருவது கண்ணில் படும். அப்போது அந்த ஒரு இழைக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் குறிப்பில் உள்ளபடியே கட்டுரையில் வைத்து, முன்னால் எங்கே, எப்போது என்று இரண்டு வரியும், பின்னால் அது எதைக் காட்டுகிறது என்று ஒரு பத்தியும் எழுத வேண்டும். விளக்கம் மேற்கோளைத் திரும்பச் சொல்லக் கூடாது, அதைத் தாண்டியும் போகக் கூடாது. இழைக்கு ஒத்துவராத பகுதி ஒன்று நிச்சயம் கிடைக்கும்: தெரிந்தவரின் பையையே ஒரு நாள் யாரோ ஓரம் தள்ளியிருப்பார். அதை ஒளிக்காமல் கட்டுரைக்குள் கொண்டுவந்தால் வாதம் திருந்தும். அன்று பாமாயில் தீரப்போகிறது என்ற பேச்சு வரிசையில் இருந்ததா என்று குறிப்பைத் திரும்பப் பார்க்கத் தோன்றும். இருந்தால், இடம் காக்கும் வழக்கத்துக்கு எல்லை எது என்பது தெரியவரும்.

குறிப்புக்கு இவ்வளவு இடம் கொடுப்பதை மறுப்பவர்கள் எம்.என்.சீனிவாஸைக் காட்டுவார்கள். மைசூருக்கு அருகே ராம்புரா என்று அவர் அழைத்த ஊரில் 1948இல் செய்த களப்பணியின் குறிப்புகளை 18 ஆண்டுகளாக வகைப்படுத்தி வைத்திருந்தார். அவற்றின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் தீவைப்பில் எரிந்துபோயின. நினைவிலிருந்து அவர் எழுதிய 'தி ரிமெம்பர்ட் வில்லேஜ்' 1976இல் வந்தது. இந்திய ஊர் ஒன்றைப் பற்றிய மிகச் சிறந்த சித்திரங்களில் அதுவும் ஒன்று. குறிப்பில்லாமலே இது முடியுமென்றால் இரவு இரண்டு மணி நேரம் எதற்கு? ஆனால் அந்த நினைவு எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். ஊரில் இருந்தபோது எழுதி, பிறகு 18 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கியவரின் நினைவு அது. எரிந்தது தாள், எழுதியதால் பதிந்தது எரியவில்லை. களத்தில் எழுதாமல் இருந்துவிட்டு நினைவை நம்பும் மாணவருக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் குறிப்பு ஒருவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததுதானே. அதை ஆதாரம் என்பது சரியா? தஞ்சாவூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றிய ஊரை ஆய்ந்து, 1965இல் 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' நூலை வெளியிட்ட ஆந்த்ரே பெத்தேயின் வேலையில் இந்தக் கேள்வி கண்முன் நிற்கிறது. அவர் அக்ரகாரத்தில் தங்கினார். ஊரார் அவரை அக்ரகாரத்துக்காரராகவே பார்த்தார்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புக்குள் சகஜமாகப் போய்வர முடியவில்லை, அங்கிருந்து கிடைத்த தகவலும் அந்த அளவுக்குக் குறைந்தது. இதை அவரே நூலில் பதிவுசெய்கிறார். தங்கிய வீடு குறிப்பின் எல்லையைத் தீர்மானித்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த எல்லை நமக்குத் தெரிவதற்குக் காரணம், எங்கே தங்கினார், யார் யாரோடு பேசினார் என்று எழுதிவைத்ததுதான். நின்ற இடத்தைச் சொல்லாத குறிப்பு எங்கிருந்தும் பார்த்தது போன்ற தோற்றத்தைத் தருகிறது, அதுதான் ஆபத்து. ஆகவே ரேஷன் கடை மாணவரின் குறிப்பில் ஒவ்வொரு நாளும் முதல் வரியாக, தான் எங்கே நின்றார், அங்கிருந்து எது தெரியவில்லை என்பது வர வேண்டும். வரிசையில் கார்டோடு நின்றாரா, வேப்பமர நிழலில் இருந்தாரா, விற்பனையாளர் நாற்காலி போட்டு உள்ளே உட்கார வைத்தாரா? உள்ளே உட்கார்ந்தவருக்கு எடைத் தராசு தெரியும். பைகளை யார் நகர்த்துகிறார்கள் என்பது தெரியாது. வரிசையில் இருப்பவர்கள் அவரைக் கடைக்காரரின் ஆளாகவும் நினைத்திருப்பார்கள். அன்று அவர்கள் அவரிடம் குறை எதுவும் சொல்லவில்லை என்றால், குறை இல்லை என்று அவர் எழுதக் கூடாது.