ஸஜ்தாவில் தமிழ்: ஒரு பதிலுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு கேள்விகள்

"மகன் ஆஸ்பத்திரியில கிடக்கான். தொழுகையில ஸஜ்தாவுல விழுந்து, 'யா அல்லாஹ், என் புள்ளைக்கு சுகத்தைக் கொடு'ன்னு தமிழ்லயே கேட்டுட்டேன். தொழுகை கூடுமா?"

இப்படிக் கேட்கிற ஒரு தாய்க்கு நம்மூரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "தாராளமா கேட்கலாம், அல்லாஹ்வுக்கு எல்லா மொழியும் தெரியும்." மற்றது, "தொழுகை முறிஞ்சிடுச்சு, திருப்பித் தொழுங்க." இரண்டுமே அவசரப் பதில்கள் என்பது என் கருத்து. எதைக் கேட்கலாம், எந்த மொழியில் கேட்கலாம் என்ற இரண்டு தனித்தனிக் கேள்விகளை இரண்டு பதில்களும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன.

ஆதாரங்களைப் பார்ப்போம். அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸஜ்தாவில்தான், அதனால் அங்கே துஆவை அதிகப்படுத்துங்கள் என்ற கருத்தில் அபூஹுரைரா அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அதே நூலில் முஆவியா பின் ஹகம் அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. தொழுகையில் ஒருவர் தும்ம, இவர் அவரைப் பார்த்து "யர்ஹமுகல்லாஹ்" என்று சொல்லிவிடுகிறார். மனிதர்களின் பேச்சு எதற்கும் தொழுகையில் இடமில்லை என்று நபியவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கவனியுங்கள், அவர் சொன்னது சுத்தமான அரபி, அதுவும் ஒரு துஆ. அப்படியென்றால் இங்கே பிரச்சினை மொழி இல்லை, எதிரே இருந்த ஆளிடம் பேசியதுதான்.

"மனிதப் பேச்சு" என்பதற்கு எங்கே கோடு போடுவது? இதில்தான் மத்ஹபுகள் பிரிகின்றன. மனிதரிடம் கேட்டுப் பெற முடியாததைக் கேட்டால் அது துஆ, மனிதரிடமே கேட்கக்கூடியதைக் கேட்டால் மனிதப் பேச்சு என்று ஹனஃபி நூலான ஹிதாயா பிரிக்கிறது. பாவமன்னிப்பு முதல் வகை. "இன்ன பெண்ணை எனக்கு மணமுடித்து வை" என்பது இரண்டாம் வகை. அரபியில் கேட்டாலும் தொழுகைக்குக் கேடுதான். ஷாஃபிஈ மத்ஹபில் இந்தக் கோடு இன்னும் தளர்வானது. நல்ல சம்பாத்தியம், பிள்ளை, வீடு என்று உலகத் தேவைகளையும் தொழுகையில் கேட்கலாம் என்று இமாம் நவவீ மஜ்மூவில் எழுதுகிறார். குனூத்தில் நபியவர்கள் மக்காவில் சிக்கிய சிலரைப் பெயர் சொல்லியே காப்பாற்றும்படி கேட்டதும் இவர்கள் பக்கம் வலுவான சான்று.

இனி மொழி. கேட்கும் பொருளில் தளர்வாக இருந்த ஷாஃபிஈ மத்ஹப் இங்கே இறுக்கிப் பிடிக்கிறது. ஹதீஸில் வந்த துஆவை அரபியில் சொல்ல முடியாதவர் மொழிபெயர்த்துச் சொல்லலாம், முடிந்தவர் கூடாது. நாமாக உருவாக்கிய துஆவை வேறு மொழியில் சொன்னால் தொழுகை முறியும். ஹனஃபியில் இப்னு ஆபிதீன் பார்சியில் துஆ கேட்பதைப் பற்றிப் பேசும்போது, தொழுகைக்குள் அது மக்ரூஹ் தஹ்ரீமாக இருக்கலாம் என்கிறார். முறியும் என்பதும் கடுமையான வெறுப்புக்குரியது என்பதும் ஒன்றல்ல. அரபி தெரியாதவர் தன் மொழியில் கேட்கலாம் என்று சொல்லும் இக்கால அறிஞர்களும் பலர் இருக்கிறார்கள். துஆவை அதிகப்படுத்தச் சொன்ன கட்டளை அரபி தெரிந்தவர்களுக்கு மட்டுமா என்பதே அவர்கள் வாதம்.

அந்தத் தாயிடம் திரும்புவோம். சுகம் கேட்டது இரண்டு மத்ஹபிலும் பொருளளவில் குற்றமில்லை. சுகம் மனிதர் கொடுப்பதில்லை, அதனால் ஹனஃபிக் கோட்டையும் அவர் தாண்டவில்லை. மிச்சம் மொழி மட்டும். அவர் ஹனஃபி என்றால், இப்னு ஆபிதீன் சொன்னபடி பார்த்தால் செய்தது வெறுப்புக்குரியது, ஆனால் முறிந்தது என்று சொல்ல இடமில்லை. ஷாஃபிஈ என்றால், தானாகக் கோத்த தமிழ் வாக்கியம் என்பதால் மத்ஹபின் கணக்கில் முறிவுதான். விதி தெரியாமல் செய்தாரா என்பதையும் ஆலிம் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். ஆக, எந்த மத்ஹப் என்றுகூடக் கேட்காமல் "கூடும்", "கூடாது" என்பது பதிலே இல்லை.

"அல்லாஹ்வுக்குத் தமிழ் தெரியாதா?" என்ற வாதமும் குறி தவறியது. தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொழுகை என்ற வடிவத்துக்குள் நாவு எதைச் சொல்லலாம் என்பதுதான் கேள்வி. மறுபக்கத்திலோ, "முறிஞ்சிடும்" என்று மட்டும் சொல்லிப் பயமுறுத்தி, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விளைவு, மூன்று தடவை "சுப்ஹான ரப்பியல் அஃலா" சொல்லி எழுந்துவிடுகிற ஸஜ்தா. நெருக்கமான இடம் என்று சொல்லப்பட்ட இடத்தில் அவர் வாயடைத்துப் போகிறார்.

சர்ச்சைக்குள் போகாத வழியும் இருக்கிறது. நோயாளிக்காக நபியவர்கள் கேட்ட "அல்லாஹும்ம ரப்பன்னாஸ், அத்ஹிபில் பஃஸ்" என்று தொடங்கும் துஆவை அவர் கற்றுக்கொள்ளலாம். நாவு அரபியில் சொல்லும்போது மனதில் மகன் முகம் இருக்கட்டும். மனதில் தமிழில் நினைப்பது எந்த மத்ஹபிலும் தொழுகையை முறிப்பதில்லை. ஸலாம் கொடுத்த பிறகு வாய்விட்டுத் தமிழில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அந்தத் தாய்க்குப் பதில் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.